முதற்கட்டத் தொலைபேசி உரையாடலுக்கு நேரம் கேட்டால் எப்படிப் பதில் எழுதுவது?

"உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தோம். அடுத்த வாரம் அரை மணி நேரம் தொலைபேசியில் பேச உங்களுக்கு எந்த நேரம் வசதிப்படும்?" என்று ஆட்சேர்ப்பாளரிடமிருந்து வரும் மின்னஞ்சலுக்குப் பொதுவாக நான்கு விதங்களில் பதில் எழுதப்படுகிறது. எந்த நேரமானாலும் சரி என்று சொல்வது முதல் வகை. ஒரே ஒரு நேரத்தைக் குறிப்பிடுவது இரண்டாவது. இரண்டு மூன்று நாள்களில் தெளிவான ஸ்லாட்டுகளைக் கொடுப்பது மூன்றாவது. முன்பதிவுத் தளத்தின் இணைப்பை அனுப்பி, "இதில் உங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்பது நான்காவது. இவற்றில் மூன்றாவதே பெரும்பாலான சூழல்களில் சிறந்தது என்பது என் முடிவு. அது ஏன் சிறந்தது, எங்கே சிறந்ததல்ல, ஸ்லாட்டுகளை எழுதும் முறையில் எது தவறினால் அதுவும் மற்றவற்றைப் போலவே பயனற்றதாகிவிடும் என்பவற்றை ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்பதே எளிது.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஓர் அலுவலகத்தில் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் சோதனைப் பொறியாளர், அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2026 அக்டோபர் 22, வியாழக்கிழமை, டப்ளின் நேரம் காலை 11.30 மணிக்கு ஆட்சேர்ப்பாளர் மின்னஞ்சல் அனுப்புகிறார். சென்னையில் அப்போது மாலை 4 மணி. பொறியாளர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், இரவு 9 மணிக்குப் பதில் எழுத உட்காருகிறார். டப்ளினில் அது மாலை 4.30 மணி, ஆட்சேர்ப்பாளர் இருக்கையில் இருக்கும் கடைசி ஒரு மணி நேரம்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர்கின்றன. ஐரோப்பாவில் கோடைகால நேரம் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை முடிவுக்கு வருகிறது. 2026இல் அது 25ஆம் தேதி. அதுவரை சென்னைக்கும் டப்ளினுக்கும் இடையே நாலரை மணி நேர வேறுபாடு, அன்றிலிருந்து ஐந்தரை மணி நேரம். அடுத்து, அயர்லாந்தில் அக்டோபரின் கடைசித் திங்கள்கிழமை பொது விடுமுறை. ஆகவே 26ஆம் தேதி ஆட்சேர்ப்பாளர் வேலைக்கு வரமாட்டார், வெள்ளிக்கிழமை மாலையே பலர் நீண்ட வார விடுமுறைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நேரம் கேட்கும் மின்னஞ்சலில் இவை இரண்டும் எழுதப்பட்டிருக்காது, ஏனெனில் டப்ளினில் இருப்பவருக்கு இவை சொல்லாமலே தெரிந்தவை.

முதல் வகைப் பதிலை இங்கே வைத்துப் பார்ப்போம். "அடுத்த வாரம் எந்த நாளானாலும், எந்த நேரமானாலும் எனக்குச் சரி" என்று எழுதுகிறவர் அதை மரியாதையாகவே நினைத்து எழுதுகிறார். வேலை கொடுக்கக்கூடியவரிடம் நிபந்தனை விதிக்கக் கூடாது என்ற தயக்கம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலைப் பெறுகிறவருக்கு அதிலிருந்து ஒரு தகவலும் கிடைப்பதில்லை. இப்போது அவரே தம் காலண்டரைத் திறந்து, சென்னையில் அப்போது என்ன நேரம், அது தூங்கும் நேரமா, அலுவலக நேரமா என்று ஊகித்து ஒரு நேரத்தை முன்மொழிய வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை டப்ளினில் அவர், "செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குப் பேசலாமா?" என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பொறியாளர் இன்றைய நாலரை மணி நேரக் கணக்கில் அதைப் பிற்பகல் 2.30 என்று புரிந்துகொள்ளக்கூடும். உண்மையில் அடுத்த வாரக் கணக்கின்படி அது 3.30. அந்த நேரத்தில் அவருக்குக் குழுவின் வாராந்திர ஆய்வுக் கூட்டம் இருக்கிறது. எந்த நேரமானாலும் சரி என்று எழுதியவர் இப்போது முடியாது என்று எழுத வேண்டும். அந்த மறுப்பு வெள்ளிக்கிழமை இரவு போகிறது, திங்கள்கிழமை விடுமுறை, செவ்வாய்க்கிழமை காலைதான் டப்ளினில் படிக்கப்படுகிறது. வியாழக்கிழமையன்றே முடிந்திருக்க வேண்டிய ஏற்பாடு, ஐந்து நாள்கள் கழித்து மறுபடி தொடக்கத்துக்கு வந்து நிற்கிறது.

ஆட்சேர்ப்பாளர் ஒரே நேரத்தில் பல பணியிடங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் பல விண்ணப்பதாரர்களுடன் எழுதிக்கொண்டிருக்கிறார். முதற்கட்ட உரையாடலை முடித்தவர்களின் பெயர்கள்தான் அணி மேலாளரிடம் போகும். மேலாளருக்குப் போதுமான பெயர்கள் கிடைத்ததும் அந்த வரிசை நின்றுவிடவும் கூடும். எனவே இங்கே இழக்கப்படும் ஐந்து நாள்களை வெறும் காத்திருப்பாகக் கருத முடியாது. இரண்டு நகரங்களின் அலுவலக நேரங்கள் சிறிதளவே ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, ஒவ்வொரு கேள்வியும் மறுமொழியும் ஏறத்தாழ ஒரு நாளைத் தின்கின்றன. எந்தப் பதிலை அனுப்பினால் இத்தகைய சுற்றுகள் மிகக் குறைவாக இருக்கும் என்பதையே இந்த ஒப்பீட்டின் அளவுகோலாக வைக்கிறேன்.

இரண்டாவது வகை, ஒரே ஒரு நேரத்தைச் சொல்வது. "செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குப் பேசலாம்" என்பது முதல் வகையைவிட மேலானது, ஏனெனில் அந்த நேரம் பொருந்திவிட்டால் ஒரே சுற்றில் வேலை முடிந்துவிடும். பொருந்தாவிட்டால் அது முதல் வகையின் நிலைக்கே வந்து சேர்கிறது. ஆட்சேர்ப்பாளரின் காலண்டரில் எந்த ஒரு குறிப்பிட்ட அரை மணி நேரமும் காலியாக இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஒற்றை நேரம் தவறுவதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெவ்வேறு நாள்களில் மூன்று நேரங்கள் கொடுத்தால் மூன்றுமே தவறுவதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்புதான். இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: மூன்று நேரங்களும் ஒன்றையொன்று சார்ந்திருக்கக் கூடாது. ஒரே நாளில் மூன்று நேரங்களைக் கொடுத்துவிட்டு, அந்த நாளில் ஆட்சேர்ப்பாளர் விடுப்பில் இருந்தால் மூன்றும் சேர்ந்தே போய்விடும். திங்கள்கிழமையில் மூன்று நேரங்களைக் கொடுத்திருந்தால் நம் எடுத்துக்காட்டில் நடப்பது அதுதான்.

ஒற்றை நேரம் பொருத்தமாக இருக்கும் சூழல் ஒன்று உண்டு. ஆட்சேர்ப்பாளரே ஒரு நாளைக் குறிப்பிட்டு, "புதன்கிழமை பிற்பகல் எப்போது வசதி?" என்று கேட்டிருந்தால், ஒரு நேரத்தையும் அதற்கு மாற்றாக இன்னொன்றையும் சொன்னால் போதும். அவர் குறுக்கிக் கொடுத்த கேள்வியை நாம் மறுபடி அகலமாக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வகைக்கு வருவோம். வியாழக்கிழமை இரவு நம் பொறியாளர் தம் அடுத்த வாரத்தைப் பார்க்கிறார். திங்கள்கிழமையை விட்டுவிடுகிறார். செவ்வாயும் வியாழனும் அலுவலகம் போக வேண்டும், ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடுவார். புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை, அன்று மதியம் இரண்டரை முதல் நான்கு வரை அவருக்குக் கூட்டம் எதுவும் இல்லை. அவர் அனுப்பும் பதிலில் இருக்க வேண்டிய நேர வரிகள் இவ்வளவுதான்:

```
Tue 27 Oct  19:30–21:30 Chennai (14:00–16:00 Dublin)
Wed 28 Oct  14:30–16:00 Chennai (09:00–10:30 Dublin)
Thu 29 Oct  19:30–21:30 Chennai (14:00–16:00 Dublin)
```

இவற்றுக்குக் கீழே அவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய செய்தி இது: "அடுத்த வார நேரங்களில் ஞாயிற்றுக்கிழமை நிகழும் கடிகார மாற்றத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறேன். இந்த எல்லைகளுக்குள் எந்த நேரத்தில் தொடங்கி முடிந்தாலும் எனக்குச் சரி. செவ்வாய்க்கிழமை மாலை வரை இவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால், உங்களுக்கு ஏற்ற இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள், அன்றே பதில் தருகிறேன். என் எண் கீழே இருக்கிறது." எண்ணை +91 என்ற நாட்டுக் குறியீட்டுடன் எழுத வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும், பத்து இலக்கங்களை மட்டும் அனுப்புகிறவர்கள் இன்னமும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்தப் பதிலைப் பெற்ற ஆட்சேர்ப்பாளர் தம் காலண்டரை ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டு மணி நேர எல்லைக்குள் அரை மணி நேர அழைப்பு ஒன்று நான்கு இடங்களில் பொருந்தும்: இரண்டு மணிக்கு, இரண்டரைக்கு, மூன்றுக்கு, மூன்றரைக்கு. புதன்கிழமையின் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று இடங்கள். ஆகப் பதினொரு தொடக்க நேரங்கள் மூன்று வரிகளுக்குள் அடங்கியிருக்கின்றன. அதுமட்டுமல்லாமல், இரண்டு நாள்கள் அவருக்குப் பிற்பகலாகவும் ஒரு நாள் காலையாகவும் அமைந்திருக்கின்றன. தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு அவருக்கு ஒரு நிலையான கூட்டம் இருந்தாலும், அது முடிந்த பிறகு பேச இடம் கிடைக்கும்.

ஸ்லாட் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அரை மணி நேரத் துண்டுகளாகப் பத்துப் பன்னிரண்டு நேரங்களை வரிசையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது படிக்கச் சிரமமானது, ஒவ்வொன்றையும் காலண்டரோடு தனித்தனியாக ஒப்பிட வேண்டும். மறுபுறம், "செவ்வாய் முதல் வெள்ளி வரை, மாலை வேளைகளில்" என்பது அகலமாக இருந்தாலும் எல்லை இல்லாதது. மாலை என்பது யாருடைய மாலை, எத்தனை மணி வரை என்ற கேள்வி மிஞ்சிவிடும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வரையான எல்லைகள், இரண்டு அல்லது மூன்று நாள்களில், தொடக்கமும் முடிவும் எண்ணால் எழுதப்பட்டவையாக இருப்பதே நடுவான வழி. முடிவு நேரம் என்பது அழைப்பு முடிந்திருக்க வேண்டிய நேரமா, தொடங்கக்கூடிய கடைசி நேரமா என்ற குழப்பத்தையும் "தொடங்கி முடிந்தாலும்" என்ற சொற்கள் தீர்த்துவிடுகின்றன. உண்மையில் கைவசம் உள்ள நேரத்தைவிடக் கால் மணி குறைவாக எழுதுவது நல்லது, ஏனெனில் நன்றாகப் போகும் உரையாடல் அரை மணி நேரத்தைத் தாண்டும். புதன்கிழமை நான்கு மணிக்கே பொறியாளருக்கு அடுத்த கூட்டம் தொடங்குவதாக இருந்தால், அவர் 15:45 என்றே எழுதியிருக்க வேண்டும்.

நேர மண்டலத்தின் சுருக்கெழுத்து இந்த எடுத்துக்காட்டில் தனிக் கவனம் கேட்கிறது. இந்தியாவில் எல்லோரும் பழக்கத்தால் எழுதும் `IST`, அயர்லாந்தின் கோடைகால நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துகள்தான், இஸ்ரேலின் நேரத்துக்கும் அவையே. டப்ளினிலுள்ளவருக்கு `3 PM IST` என்று எழுதினால், அவர் அதைத் தம் ஊரின் மூன்று மணியாகப் படிக்க முழு நியாயம் உண்டு. அமெரிக்க நிறுவனங்களுக்கு எழுதும்போது இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஜூலை மாதத்திலும் `EST` என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அப்போது நியூயார்க்கில் நடப்பில் இருப்பது `EDT`, இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வேறுபாடு. ஆகவே சுருக்கெழுத்தைத் தவிர்த்து ஊரின் பெயரை எழுதுவதே பாதுகாப்பானது என்பேன். ஊரின் பெயரோடு அந்தத் தேதியும் இருந்தால் கணினியோ மனிதரோ தவறான கணக்குக்கு வர இடமில்லை. அமெரிக்காவில் கடிகார மாற்றம் ஐரோப்பாவுக்கு ஒரு வாரம் கழித்து, நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை நிகழ்கிறது. மார்ச் மாதத்தில் முறை தலைகீழாகும், அமெரிக்கா இரண்டாவது ஞாயிறன்று முந்திக்கொள்ளும், ஐரோப்பா கடைசி ஞாயிறன்று பின்தொடரும். இந்த இடைப்பட்ட வாரங்களில்தான் பழகிப்போன மனக்கணக்கு நம்மை ஏமாற்றுகிறது.

தெளிவான ஸ்லாட்டுகளைக் கொடுப்பதற்கு ஒரு விலையும் உண்டு. கொடுத்த நேரங்களைப் பதில் வரும்வரை காலியாகவே வைத்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு நிறுவனங்களோடு எழுதிக்கொண்டிருப்பவர் இருவருக்கும் செவ்வாய் இரவு ஏழரையைக் கொடுத்துவிட்டால், இருவரும் அதையே தேர்ந்தெடுக்கும்போது ஒருவரிடம் பின்வாங்க வேண்டியிருக்கும். எந்த நேரமானாலும் சரி என்றவர் மறுப்பதைவிட இது மோசமானது, ஏனெனில் இது நாமே எழுதிக் கொடுத்த நேரம். அதனால்தான் "செவ்வாய்க்கிழமை மாலை வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன்" என்ற வரி தேவைப்படுகிறது. கொடுத்த நேரங்களைத் தம் காலண்டரிலும் தற்காலிகமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் காலண்டரில் குறிப்பதானால் உள்ளடக்கம் மற்றவர்களுக்குத் தெரியாதபடி தனிப்பட்டதாக அமைத்துவிட்டு, தலைப்பையும் பொதுவானதாக வைப்பது நல்லது. மிகவும் நெருக்கமான நேரத்தைக் கொடுப்பதும் வீண். வியாழன் இரவு எழுதும் பதிலில் வெள்ளி மதியத்தைக் கொடுத்தால், ஆட்சேர்ப்பாளர் அதைப் படிக்கும் முன்பே அந்த நேரம் கடந்துவிடலாம்.

நான்காவது வகையான முன்பதிவு இணைப்பு, இந்த ஒப்பீட்டில் முதல் இடத்துக்குப் போட்டியிடத் தகுதியுடையது. காலண்ட்லி போன்ற தளங்களில் திறக்கிறவரின் கணினி நேரத்துக்கு ஏற்ப ஸ்லாட்டுகள் தாமாகவே மாறித் தெரிகின்றன, எனவே மேலே சொன்ன நேர மண்டலச் சிக்கல் முழுவதும் மறைந்துவிடுகிறது. ஒருவர் எடுத்த நேரம் மற்றவருக்குக் காட்டப்படுவதில்லை, ஆகவே இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொள்ளவும் வாய்ப்பில்லை. இருந்தும் நான் அதை மூன்றாவதுக்குப் பின்னால் வைப்பதற்குக் காரணம், மறுமுனையில் இருப்பவரின் வேலைமுறை. பல நிறுவனங்களில் ஆட்சேர்ப்பாளர் விண்ணப்பங்களை நிர்வகிக்கும் ஒரு மென்பொருளிலிருந்தே அழைப்பிதழை அனுப்புகிறார். உரையாடல் நடந்ததாக அங்கே பதிவானால்தான் விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்கு நகரும். நம் இணைப்பில் அவர் முன்பதிவு செய்தால், அதே நிகழ்வைத் தம் மென்பொருளில் மறுபடியும் உருவாக்க வேண்டும். மேலும், கேட்டவருக்கே வேலையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சிலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணம் நியாயமா என்பது வேறு கேள்வி, முதல் உரையாடலுக்கு முன்பே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வாராவாரம் பணிமுறை மாறும் ஷிப்ட் வேலையில் இருப்பவர் மூன்று வரிகளை எழுதிவிட்டு, "இதைவிட வசதியானால்" என்று கீழே இணைப்பையும் சேர்ப்பது மிகவும் பொருத்தமானது.

இதற்கு நேர்மாறாக, ஆட்சேர்ப்பாளரே தம் முன்பதிவு இணைப்பை அனுப்பியிருந்தால், அதில் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு பதில் தேவையில்லை. அங்கே மூன்று ஸ்லாட்டுகளை மின்னஞ்சலில் எழுதி அனுப்புவது தெளிவு ஆகாது, கேட்டதைப் படிக்கவில்லை என்றே காட்டும். இணைப்பிலுள்ள நேரங்கள் எதுவும் பொருந்தவில்லை என்றால் மட்டும், அதைச் சொல்லிவிட்டு மூன்று வரிகளைக் கொடுக்கலாம்.

உள்நாட்டு நிறுவனங்களில் நிலைமை வேறு. சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஆட்சேர்ப்பாளர் மின்னஞ்சல் எதுவும் இல்லாமல் நேரடியாகவே அழைத்து, "இப்போது பேச முடியுமா?" என்று கேட்பது மிகவும் சாதாரணம். பக்கத்து இருக்கையில் மேலாளர் உட்கார்ந்திருக்கும்போது அந்த அழைப்பை அப்படியே தொடர்வதும், பிறகு பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவதும் இரண்டுமே பலவீனமான பதில்கள். "இன்று மாலை ஏழு முதல் எட்டரை வரை, அல்லது நாளை காலை எட்டு முதல் ஒன்பது வரை என்னால் நிதானமாகப் பேச முடியும், எது உங்களுக்கு வசதி?" என்பது அதே மூன்றாவது வகைதான், ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அளவுக்குச் சுருக்கப்பட்டிருக்கிறது. இங்கே நேர வேறுபாடு இல்லை, அன்றே பதில் கிடைக்கும், அதனால் இரண்டு ஸ்லாட்டுகளே போதுமானவை. தொலைபேசியை வைத்தவுடன் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டால், பல எண்களை அழைத்துக்கொண்டிருக்கும் அவருக்கும் நினைவூட்டலாக இருக்கும்.

ஸ்லாட்டுகளைச் சரியாகக் கொடுத்த பிறகும் ஏற்பாடு தவறிப்போகும் ஓர் இடம் மீதமிருக்கிறது. ஆட்சேர்ப்பாளர் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்துக் காலண்டர் அழைப்பிதழ் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைத் திறந்து, நம் காலண்டரில் அது 28ஆம் தேதி 14:30க்கும் 16:00க்கும் இடையில்தான் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அது 13:30 என்று காட்டினால், யாரோ பழைய நாலரை மணி நேரக் கணக்கில் இருக்கிறார்கள் என்று பொருள். 20:00 என்று காட்டினால், சென்னைக்கான 14:30 டப்ளின் நேரமாகப் பதிவாகிவிட்டிருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் டப்ளினின் 14:30 சென்னையில் ஐந்தரை மணி நேரம் தள்ளி 20:00 ஆகத் தெரியும். நாம் கொடுத்த எல்லைக்கு வெளியே அழைப்பிதழ் விழுந்தால், எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தும் முன், "டப்ளினில் காலை 9 மணி, சென்னையில் பிற்பகல் 2.30, சரிதானே?" என்று ஒரே வரியில் கேட்டுவிட வேண்டும்.

யார் யாரை அழைப்பது என்பதையும் அதே வரியில் தீர்த்துக்கொள்ளலாம். தொலைபேசி என்று சொன்னாலும் டீம்ஸ் அல்லது ஜூம் வழியாகப் பேசுகிறவர்களும் உண்டு, அழைப்பிதழில் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான தொலைபேசி அழைப்பானால், அது +353 என்று தொடங்கும் அறிமுகமற்ற எண்ணிலிருந்து வரும். தெரியாத எண்களை ஒலிக்காமல் தடுக்கும் அமைப்பைப் பலர் தொல்லை அழைப்புகளுக்குப் பயந்து தங்கள் கைப்பேசியில் நிரந்தரமாக இயக்கி வைத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுத்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாக அதை நிறுத்திவிட்டு, அழைப்பு முடிந்த பிறகு மறுபடி இயக்கிக்கொள்ள வேண்டும்.